பவர் பேங்க் வாங்கும் முன் ஒரு பெருக்கல்: எம்ஏஎச்சை வாட் ஹவராக மாற்றுவது எப்படி?

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள எந்த மொபைல் கடையிலும் நுழைந்து, "அண்ணா, இந்தப் பவர் பேங்க் என் லேப்டாப்பை எத்தனை தடவை ஏத்தும்?" என்று கேட்டுப் பாருங்கள். "இருபதாயிரம் இருக்குதுங்க, உங்க லேப்டாப் மூவாயிரத்தி சொச்சந்தான். தாராளமா அஞ்சு வாட்டி ஏத்தலாம்" என்று பதில் வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பெட்டியில் போட்டிருப்பதைத்தான் படிக்கிறார். ஆனால் அந்த இருபதாயிரத்தையும் மூவாயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பதே தப்பு.

பாலக்கோடு மண்டியில் ஒருவர் பத்து பெட்டி தக்காளி, இன்னொருவர் இருபது பெட்டி தக்காளி என்றால், யாரிடம் சரக்கு அதிகம் என்று உடனே சொல்லிவிட மாட்டீர்கள். பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கேட்பீர்கள். கடைக்காரர் சொன்ன இருபதாயிரமும் மூவாயிரமும் எம்ஏஎச், லேபிளில் mAh என்று இருக்கும். எம்ஏஎச் என்பது பெட்டி எண்ணிக்கை. பெட்டியின் கிலோ வோல்ட். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாட் ஹவர், அதாவது பேட்டரிக்குள் உண்மையில் இருக்கும் மின்சாரம். கரண்ட் பில்லில் வரும் யூனிட்டும் இதே அளவுதான்: ஆயிரம் வாட் ஹவர் சேர்ந்தால் ஒரு யூனிட். போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களை யாரும் எம்ஏஎச்சில் விற்பதில்லை, கிலோவாட் ஹவரில்தான் விற்கிறார்கள். போனும் பவர் பேங்கும்தான் இன்னும் பெட்டி எண்ணிக்கையைச் சொல்லியே வியாபாரம் செய்கின்றன.

கரண்ட் ஷட்டவுன் நாளில் லேப்டாப்பில் வேலை ஓட வேண்டும் என்பதற்காக இந்தக் கணக்கைத் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கையில் மொபைல் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

1. முதலில் லேபிள்களைச் சேகரியுங்கள்

இந்த வேலைக்குத் தேவையான ஆவணம் லேபிள்தான். மூன்று பொருளின் லேபிளையும் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். எழுத்து அவ்வளவு பொடியாக இருக்கும்.

பவர் பேங்கில் லேபிள் அடிப்பக்கத்திலோ ஓரத்திலோ அச்சிட்டிருக்கும். கடையில் பார்க்கும்போது பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிடுங்கள், அங்கே பெரிய எண் மட்டும்தான் இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள். லேப்டாப்பில் பேட்டரியைக் கழற்ற முடியுமென்றால் பேட்டரி மேலேயே இருக்கும். உள்ளே பொருத்திய பேட்டரி என்றால் திறக்க வேண்டாம், ஐந்தாம் படியில் வேறு வழி சொல்கிறேன். போனில் பேட்டரி மூடியே இருப்பதால், அந்த மாடலின் கையேட்டிலோ தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலோ பாருங்கள்.

நான் கணக்குப் போட்ட மூன்று பொருளின் லேபிள்கள் இப்படி இருந்தன:

```
Phone:      5000mAh  3.87V
Laptop:     3684mAh  11.4V  42Wh
Power bank: Battery capacity 20000mAh 3.7V (74Wh)
            Rated capacity   12000mAh (5V/3A)
            Input  5V/2A, 9V/2A
```

இங்கேயே ஒன்று தெரிந்திருக்கும். லேப்டாப்பிலும் பவர் பேங்கிலும் வாட் ஹவரை அவர்களே போட்டிருக்கிறார்கள். அப்படி இருந்தால் பாதி வேலை முடிந்தது. போடாத பொருளுக்குத்தான் அடுத்த இரண்டு படிகள்.

2. சரியான வோல்ட்டைப் பிடியுங்கள்

பெருக்கல் யாருக்கும் தப்பாது. எந்த வோல்ட்டால் பெருக்குவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், ஏனென்றால் லேபிளில் இரண்டு மூன்று வோல்ட் இருக்கும்.

ஒரு லித்தியம் செல் முழுசாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட்டோ அதற்குக் கொஞ்சம் மேலோ காட்டும். சார்ஜ் இறங்க இறங்க 3 வோல்ட் பக்கம் வந்து நிற்கும். இந்த இறக்கத்தின் சராசரி போல ஒரு வோல்ட்டைத் தயாரிப்பாளர் குறிப்பிடுவார். அதுதான் நமக்கு வேண்டியது. பவர் பேங்கில் பெரும்பாலும் 3.6 அல்லது 3.7. இப்போதைய போன்களில் 3.85, 3.87 என்று இருக்கும். லேப்டாப்பில் மூன்று செல்லை வரிசையாகக் கோத்திருப்பதால் 10.8, 11.1, 11.4 என்று வரும். நான்கு செல் என்றால் 14.4இலிருந்து 15.4 வரை. மெல்லிய லேப்டாப் சிலவற்றில் இரண்டே செல், 7.6 அல்லது 7.7.

தப்பான வோல்ட் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்.

ஒன்று, பவர் பேங்கின் 5 வோல்ட். அது வெளியே தரும் வோல்ட். உள்ளே இருக்கும் செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருபதாயிரத்தை ஐந்தால் பெருக்கி "நூறு வாட் ஹவர்" என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் 74தான். நூற்றுக்கு இருபத்தாறு காற்று.

இரண்டு, லேப்டாப் சார்ஜரின் 19.5 அல்லது 20 வோல்ட். சார்ஜர் மேல் அதுதான் பெரிதாக இருக்கும் என்பதால் கண் அங்கே போய்விடும். அதை 3684ஆல் பெருக்கினால் 42 வாட் ஹவர் பேட்டரி 72 ஆகிவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது. பழைய போன் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு வோல்ட் எழுதியிருக்கும்: 3.87 என்று ஒன்று, `Limited charge voltage` என்ற பெயரில் 4.45 என்று ஒன்று. இரண்டாவது, சார்ஜ் ஏற்றும்போது தாண்டக் கூடாத உச்சவரம்பு. அதை எடுக்காதீர்கள். எடுத்தால் பேட்டரி பதினைந்து சதவீதம் பெரிதாகத் தெரியும்.

போனின் வோல்ட் எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் 3.85 என்று வைத்துக்கொள்ளுங்கள். தப்பினாலும் நூற்றுக்கு நான்கைந்துக்கு மேல் தப்பாது.

3. பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள்

```
Wh = mAh × V ÷ 1000
```

போன்: 5000 × 3.87 ÷ 1000 = 19.35 வாட் ஹவர்.
லேப்டாப்: 3684 × 11.4 ÷ 1000 = 42.
பவர் பேங்க்: 20000 × 3.7 ÷ 1000 = 74.

கடைக்காரர் கணக்கில் இருபதாயிரத்தை 3684ஆல் வகுத்தால் ஐந்துக்கும் மேல். நம் கணக்கில் 74ஐ 42ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால். ஐந்து தடவை ஏற்ற வேண்டியது இரண்டு தடவைக்கே வரவில்லை. இதுவும் அதிகபட்ச எண்தான், அடுத்த படியில் இன்னும் இறங்கும்.

வேகமாகச் சார்ஜ் ஏறும் சில போன்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. உள்ளே இரண்டு செல்லை வரிசையாகக் கோத்து வைத்திருப்பார்கள். பேட்டரி மேல் 2500 எம்ஏஎச், 7.74 வோல்ட் என்று இருக்கும். விளம்பரத்திலோ 5000 எம்ஏஎச். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். 2500 × 7.74 போட்டாலும் அதே 19.35தான் வருகிறது. எம்ஏஎச்சைப் பார்த்தால் பாதி மாதிரி தெரிவது, வாட் ஹவரில் பார்த்தால் சமமாக நிற்கிறது.

4. பவர் பேங்கின் இரண்டாவது எண்ணைத் தேடுங்கள்

லேபிளில் `Rated capacity` என்று ஒரு வரி இருந்ததே, 12000 என்று. நிறையப் பேர் இதைப் பார்த்துத்தான் "இருபதாயிரம் என்று சொல்லிப் பன்னிரண்டாயிரம் கொடுத்துவிட்டான்" என்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பன்னிரண்டாயிரம் 5 வோல்ட்டில் அளந்தது. இங்கே மட்டும் 5ஆல் பெருக்கலாம், ஏனென்றால் அடைப்புக்குறிக்குள் அவர்களே 5V என்று போட்டிருக்கிறார்கள்.

12000 × 5 ÷ 1000 = 60 வாட் ஹவர்.

ஆக உள்ளே 74, வெளியே வருவது 60. நடுவில் போன 14, செல்லின் 3.7 வோல்ட்டை உயர்த்தித் தரும் சர்க்யூட் சூடாகிற வகையில் போகிறது. சார்ஜ் போடும்போது பவர் பேங்க் கதகதவென்று இருப்பது இதனால்தான். எண்பது சதவீதம் வெளியே வந்தால் நல்ல பொருள். எழுபதுக்குக் கீழே என்றால் நான் வாங்க மாட்டேன். இந்த இரண்டாவது வரியே லேபிளில் இல்லாவிட்டாலும் வாங்க மாட்டேன்.

அந்த 60ம் முழுசாகப் போய்ச் சேராது. போனோ லேப்டாப்போ அதை வாங்கித் தன் செல்லுக்கு ஏற்றபடி மறுபடி மாற்றும்போது பத்து, பதினைந்து சதவீதம் போகும். அதனால் 19.35 வாட் ஹவர் போனை முழுசாக ஏற்ற 22, 23 வாட் ஹவர் செலவாகும். 60ஐ அதனால் வகுத்தால் இரண்டரை தடவை கிடைக்கும். பெட்டிக் கணக்குப்படி நான்கு தடவை. சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால், சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி மீட்டர் கிடைக்கிறது. வயருக்கு நடுவே சொருகினால் எத்தனை வாட் ஹவர் போயிற்று என்று காட்டும். மீட்டரில் எம்ஏஎச்சும் ஓடும், அதைப் பார்க்காதீர்கள். போன் 5 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்டுக்கு மாறியதும் அந்த எண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும்.

5. பழைய லேப்டாப் என்றால் இன்றைய கொள்ளளவை எடுங்கள்

லேபிளில் இருப்பது பிறந்த அன்றைய எடை. மூன்று நான்கு வருடம் ஓடிய லேப்டாப்புக்கு அது செல்லாது. விண்டோஸ் வைத்திருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

`battery-report.html` என்று ஒரு கோப்பு உருவாகும், எங்கே சேமித்தது என்றும் அங்கேயே காட்டும். பிரௌசரில் திறந்து இரண்டு வரியைப் பாருங்கள்:

```
DESIGN CAPACITY       41,998 mWh
FULL CHARGE CAPACITY  31,520 mWh
```

இது மில்லிவாட் ஹவர். ஆயிரத்தால் வகுத்தால் முடிந்தது, வோல்ட்டே தேவையில்லை. பிறந்தபோது 42, இன்று 31.5. கால்வாசி போய்விட்டது. கணக்கில் இனி 31.5தான்.

6. ஷட்டவுன் நாளுக்குப் போட்டுப் பாருங்கள்

எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும். 2 மணிக்கும் வரலாம், 5 மணிக்கும் வரலாம். மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம், எட்டு மணி நேரம்.

லேப்டாப் மணிக்கு எவ்வளவு தின்கிறது என்று தெரிய மீட்டர் தேவையில்லை. முழுசாக ஏற்றி, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பாருங்கள். 31.5 வாட் ஹவர் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தால் மணிக்குப் பத்து வாட் ஹவர். திரை வெளிச்சத்தைக் குறைத்து, டைப் அடிப்பதும் பிரௌசரும் மட்டும் என்றால் நிறைய லேப்டாப் இந்த அளவில்தான் நிற்கும்.

எட்டு மணி நேரத்துக்கு 80 வேண்டும். லேப்டாப்பிலேயே 31.5 இருக்கிறது. மீதி 48.5 பவர் பேங்க் தர வேண்டும். அது தரும் 60இல் லேப்டாப் பக்கம் பத்து சதவீதம் கழிந்தால் 54. ஒப்பேற்றிவிடலாம், மிச்சம் ஐந்து. ஆனால் இன்டர்நெட் போனின் ஹாட்ஸ்பாட்டில் வருகிறது என்றால் போனும் மதியத்துக்கு மேல் கை நீட்டும். அந்த ஐந்தில் அதற்குக் கால்வாசி சார்ஜ்தான் கொடுக்க முடியும். அதனால் போனைக் காலையிலேயே நூறுக்கு ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இதே ஆள் நாள் முழுக்க வீடியோ வகுப்பில் இருந்தால் மணிக்குப் பதினைந்து ஆகும். 31.5ம் 54ம் சேர்ந்த 85.5ஐ 15ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2 மணிக்குக் கரண்ட் வந்தால் தப்பித்தீர்கள். 5 மணி என்றால் மூன்று மணிக்கு முன்பே திரை கறுத்துவிடும்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. வாட் ஹவர் சரியாக இருந்தும் லேப்டாப் ஏறாமல் போகலாம். எவ்வளவு இருக்கிறது என்பது வாட் ஹவர், எவ்வளவு வேகமாகத் தர முடியும் என்பது வாட். கடையில் மலிவாகக் கிடைக்கும் 22.5 வாட் பவர் பேங்குகள் போனுக்கானவை. லேப்டாப் டைப் சி வழியாக 20 வோல்ட் கேட்கும், 45 அல்லது 65 வாட் எதிர்பார்க்கும். பவர் பேங்கின் `Output` வரியில் 20V என்று ஒரு இடத்திலாவது இருக்கிறதா, பவர் டெலிவரி என்பதைக் குறிக்கும் PD என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் போர்ட்டில்தான் வயரைச் சொருக வேண்டும், எல்லா ஓட்டையிலும் வராது. வயரும் அந்த வேகம் தாங்குவதாக இருக்க வேண்டும். லேப்டாப்பில் உருண்டைப் பின் சார்ஜர் மட்டும்தான், டைப் சியில் சார்ஜ் ஏறாது என்றால், இத்தனை கணக்கும் போனுக்கு மட்டுமே உதவும்.

7. ஏற ஆகும் நேரம், விலை

பவர் பேங்கை முந்தின நாள் இரவே போட்டுவிடுங்கள். நேரம் கண்டுபிடிக்க, அதன் வாட் ஹவரைச் சார்ஜரின் வாட்டால் வகுத்துக் கால்பங்கு சேர்க்க வேண்டும். நம் பவர் பேங்கின் `Input` வரியில் 9V/2A என்று இருந்தது, அதாவது 18 வாட். 74ஐ 18ஆல் வகுத்துக் கால்பங்கு சேர்த்தால் ஐந்து மணி நேரம். வீட்டில் கிடக்கும் பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். காலை ஆறு மணிக்கு நினைவு வந்து அந்தப் பழைய சார்ஜரில் போட்டால் ஷட்டவுனுக்குள் பாதிகூட ஏறாது. 65 வாட் சார்ஜரில் போட்டாலும் பவர் பேங்க் 18க்கு மேல் வாங்காது. கரண்ட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம், பத்துத் தடவை முழுசாக ஏற்றினால் ஏறக்குறைய ஒரு யூனிட்.

விலையை ஒப்பிடும்போதும் வெளியே வரும் வாட் ஹவரால் வகுங்கள். உதாரணத்துக்கு, 1,699 ரூபாய்க்கு நம் பவர் பேங்க் என்றால், 60ஆல் வகுக்க ஒரு வாட் ஹவருக்கு 28 ரூபாய். பக்கத்தில் 999 ரூபாய்க்குப் பத்தாயிரம் எம்ஏஎச் ஒன்று இருக்கிறது, `Rated capacity` 5500, ஐந்து வோல்ட்டில். அது 27.5 வாட் ஹவர், ஒன்றுக்கு 36 ரூபாய். சட்டைப்பைக்கு அடக்கமாக வேண்டும் என்றால் சின்னதை வாங்கலாம், ஆனால் மலிவு என்று நினைத்து வாங்காதீர்கள்.

திருவிழாக் கடையிலும் நடைபாதையிலும் "50000" என்று அச்சிட்டு எண்ணூறு ரூபாய்க்குத் தருவார்கள். அதற்குக் கணக்கே வேண்டாம், தராசு போதும். லித்தியம் பவர் பேங்கில் நூறு கிராம் எடைக்குச் சுமார் இருபது வாட் ஹவர் அடங்கும். நம் 74 வாட் ஹவர் பொருள் அதனால்தான் 350, 400 கிராம் கனக்கிறது. ஐம்பதாயிரம் எம்ஏஎச் என்றால் 185 வாட் ஹவர், கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்க வேண்டும். மளிகைக் கடைத் தராசில் வைத்து முந்நூறு கிராம் காட்டினால், உள்ளே அறுபதுக்கு மேல் இருக்க வழியில்லை.

8. பெங்களூரு போய் விமானம் ஏறுவதென்றால்

கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்கு இது அடிக்கடி வரும் வேலை. விமான நிலையத்தில் எம்ஏஎச் பேச்சே எடுபடாது, வாட் ஹவர்தான் விதி. நூறு வரை கைப்பையில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம். நூறுக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கைச் செக்-இன் பெட்டிக்குள் எந்த அளவிலும் வைக்கக் கூடாது.

27000 எம்ஏஎச் என்று ஒரு விசித்திரமான அளவில் பவர் பேங்க் விற்பதற்குக் காரணமும் இதுதான். 3.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 99.9 வரும். முப்பதாயிரம் வாங்கினால் 111, அனுமதி கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அங்கே உங்கள் கால்குலேட்டரை யாரும் பார்க்க மாட்டார்கள், பொருளின் மேல் அச்சில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். மார்க்கர் பேனாவில் நீங்களே எழுதியதும் செல்லாது. பையில் சாவியோடு உரசி லேபிள் அழிந்துபோன பவர் பேங்க் என்றால், அதை வீட்டு ஷட்டவுனுக்கு வைத்துக்கொண்டு, எழுத்து தெளிவாக இருக்கும் வேறொன்றை எடுத்துப் போங்கள்.